சீடை ஏன் வெடிக்கிறது, முறுக்கு ஏன் எண்ணெய் குடிக்கிறது?

கோகுலாஷ்டமி நெருங்கும்போது பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது: முறுக்கு சுடலாம், தட்டை தட்டலாம், சீடையை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சமையலில் கைதேர்ந்தவர்களே இப்படிச் சொல்வதுண்டு. காரணம் பயம்தான். வாணலியில் அமைதியாக மிதந்துகொண்டிருக்கும் சீடை திடீரென்று பட்டென வெடித்து, கொதிக்கிற எண்ணெயை முகத்திலும் கையிலும் வாரி இறைத்துவிடும். ஒன்று வெடித்தால் அதே ஈட்டில் இன்னும் நாலைந்து வெடிக்கும். அனுபவப்பட்டவர்கள் அடுத்த வருஷம் அந்தப் பக்கமே போவதில்லை.

முறுக்கு இப்படிப் பயமுறுத்தாது. அதன் தொல்லை வேறு விதம். எடுத்து வைத்த தட்டில் எண்ணெய் தேங்கும், கடித்தால் நாக்கில் எண்ணெய் ஒட்டும், நாலு நாளில் டப்பாவைத் திறந்தால் சிக்கு வாடை அடிக்கும்.

இரண்டும் தனித்தனிக் குறைகளாகத் தெரிந்தாலும் இரண்டையும் உண்டாக்குவது மாவிலிருக்கும் தண்ணீர்தான். அது எவ்வளவு இருக்கிறது, எண்ணெயில் விழுந்ததும் எந்த வழியாக வெளியே வருகிறது, அது காலி செய்த இடத்துக்குள் எது போகிறது என்பதைப் பொறுத்தே பட்சணம் கரகரப்பாவதும் கெடுவதும்.

பொரிக்கும் எண்ணெயின் சூடு ஏறக்குறைய 160 முதல் 180 டிகிரி செல்சியஸ். தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஆவியானால் அதன் பருமன் சுமார் 1,700 மடங்கு பெருகும். மாவுக்குள் அகப்பட்டிருப்பது 0.05 மில்லிலிட்டர், அதாவது ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அது ஆவியாகும்போது 80 மில்லிலிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். கோலிக்குண்டு அளவுள்ள சீடைக்குள் அதற்கு இடம் ஏது? மேற்பரப்பில் சிறு துளைகள் இருந்தால் ஆவி அவ்வழியே குமிழி குமிழியாக வெளியேறிவிடும். மேல்தோல் இறுகி வழி அடைபட்டிருந்தால், ஆவி போக வழியில்லாத குக்கரின் கதைதான். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போய், மேலோடு தாங்க முடியாத கட்டத்தில் சீடை சிதறும்.

அதே மாவில் செய்தாலும் முறுக்கு ஏன் சாதாரணமாக வெடிப்பதில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. தேன்குழல் இழையின் கனம் சில மில்லிமீட்டர்தான். நடுவிலிருக்கும் ஈரம் இரண்டு மில்லிமீட்டர் கடந்தாலே வெளியே வந்துவிடும். சீடை உருண்டை என்பதால் நடுவிலிருந்து மேற்பரப்புக்கு அதைப்போல மூன்று நான்கு மடங்கு தூரம். ஆவி அவ்வளவு தூரம் வருவதற்குள் எண்ணெயின் சூட்டில் மேல்புறம் வெந்து இறுகிவிடுகிறது. முறுக்கு வெடிப்பது அபூர்வம்; வெடித்தால் பெரும்பாலும் அச்சுக்குள் மாவை இடைவெளி விட்டு அடைத்ததால் காற்று அகப்பட்டிருக்கும். மாவை உருளையாகப் பிடித்து அச்சில் நிறைய அடைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஆக, சீடையில் இரண்டு காரியங்கள் நடந்தாக வேண்டும். ஈரம் எந்த இடத்திலும் கூடுதலாகத் தேங்காமல் மாவு முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். ஆவி வெளியேறும் வழி கடைசி வரை திறந்திருக்க வேண்டும். பட்சணம் செய்து பழகிய பாட்டிமார் சொல்லிவந்த கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

மாவிலிருந்தே தொடங்கலாம். பச்சரிசியைக் களைந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, துணியில் நிழலாகப் பரப்பி வைப்பார்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அரைத்தால்தான் மாவு நைசாக வரும். அரைத்ததைச் சலித்து, அடி கனமான வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். ஆவி பறப்பது நின்று, மாவை இரு விரலால் எடுத்துக் கோடு இழுத்தால் அறுபடாமல் இழை விழ வேண்டும். கோலம் போடுகிற பதம் என்பது இதைத்தான். நிறம் மாற விடக் கூடாது. சிவக்க வறுத்த மாவு பிசையும்போது சேராமல் உதிரும்.

வறுத்த மாவை மறுபடியும் சலிப்பதை நேரம் கருதிப் பலர் விட்டுவிடுகிறார்கள். சீடை வெடிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது என்றே சொல்லலாம். வறுக்கும்போது ஈர மாவு ஆங்காங்கே சிறு கட்டியாகத் திரண்டிருக்கும். அரைபடாத கப்பியும் கலந்திருக்கும். பிசையும்போது இவை மற்ற மாவைப் போல ஒரே சீராகத் தண்ணீரை வாங்காது. கட்டியின் உள்ளே ஓரளவு ஈரமும் காற்றும் பொதிந்து கிடக்கும். எண்ணெயில் விழுந்ததும் அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஆவி திரளும். நைசான கண்ணுள்ள சல்லடையில் இரண்டு முறை சலிப்பது இதற்காகத்தான். உளுத்தம் மாவுக்கும் இது பொருந்தும். உளுந்தை வாசனை வரும்வரை பொன்னிறமாக வறுத்து, ஆறவைத்து, நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். சரியாக வறுபடாத உளுந்தில் ஈரம் தங்கியிருக்கும்.

கல் உப்பை அப்படியே மாவில் தூவுவதும் ஆபத்து. கரையாத பரல் தன்னைச் சுற்றி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீராலேயே பிசைந்தால் மண்ணும் போகும், பரலும் இருக்காது. பெருங்காயமும் அப்படியே, கட்டிப் பெருங்காயமானால் கரைத்துத்தான் விட வேண்டும். தேங்காய் சேர்ப்பவர்கள் துருவலை வெறும் வாணலியில் லேசாக வறுத்து ஈரத்தைப் போக்கிவிட்டுச் சேர்க்கலாம். வெல்லச் சீடையில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுவதும் கல்லும் தூசும் போகத்தான்.

ஓர் அளவை வைத்துப் பார்த்தால் தெளிவாக இருக்கும். பதப்படுத்திய அரிசி மாவு 2 தம்ளர், வறுத்த உளுத்தம் மாவு 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, எள் 1 தேக்கரண்டி, உப்பு, பெருங்காயம். தண்ணீர் விடுவதற்கு முன்னால் வெண்ணெயை மாவோடு விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்துக் கலக்க வேண்டும். மாவு முழுக்க வெண்ணெய் பரவியதும் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை போலப் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிறகுதான் உப்புத் தண்ணீர். அதையும் தெளித்துத் தெளித்து விட்டு, சப்பாத்தி மாவைவிடச் சற்றே கெட்டியாகச் சேர்க்க வேண்டும். அழுத்தி அடித்துப் பிசையத் தேவையில்லை, மாவு ஒன்று சேர்ந்தால் போதும்.

உருட்டும்போதுதான் அழகு ஆபத்தாகிறது. உள்ளங்கையில் அழுத்தி உருட்டினால் சீடை வழவழவென்று பளபளப்பாக வரும். அந்த வழவழப்பே மேல்தோலை அடைத்துவிடுகிறது. கை அழுத்தாமல் லேசாக உருட்டி, மேலே சொரசொரப்பும் மயிரிழை விரிசல்களும் இருக்கும்படி விட்டுவிட வேண்டும். பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருக்காது. ஆனால் ஆவி போகும் வழி அந்த விரிசல்கள்தான். சின்னதாக உருட்டுவது இன்னொரு பாதுகாப்பு. கோலிக்குண்டைவிடச் சிறியதாக இருந்தால் நடுவிலிருக்கும் ஈரம் கடக்க வேண்டிய தூரமும் குறையும். இன்னும் பயமிருந்தால் ஒவ்வொன்றிலும் ஊசியால் ஓரிரு இடத்தில் குத்திவிடலாம். தட்டையை முள்கரண்டியால் குத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். குத்தாவிட்டால் பூரி போல உப்பி, உள்ளே மெத்தென்று ஆகிவிடும்.

உருட்டியதைச் சுத்தமான துணியில் பரப்பி 10, 15 நிமிடம் நிழலில் விட வேண்டும். மேலே ஒட்டிய ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும். மணிக்கணக்கில் விட்டாலும் கெடும். மேல்புறம் காய்ந்து ஓடாகி, உள்ளே மட்டும் ஈரம் நிற்கும். வெடிப்பதற்கு அதைவிடத் தோதான நிலை இல்லை.

எண்ணெயைக் காயவைத்து ஒரு துளி மாவைப் போட்டால் அது அடிக்குப் போய், உடனே சீறிக்கொண்டு மேலே வரக் கூடாது. நிதானமாக எழும்ப வேண்டும். சீடைக்கு அந்தச் சூடு போதும். புகைகிற எண்ணெயில் போட்டால் மேல்தோல் சில நொடியில் இறுகிவிடும். முதலில் ஒரே ஒரு சீடையைப் போட்டுவிட்டு, எட்ட நின்று முழுதாகப் பொரியும்வரை காத்திருக்க வேண்டும். அது வெடிக்காமல் வெந்தால் அடுத்து ஒரு கைப்பிடி போடலாம். வாணலி ஆழமாகவும், எண்ணெய் பாதிக்குக் கீழேயும் இருக்கட்டும். பயத்தில் தட்டைப் போட்டு மூடுகிறவர்கள் உண்டு. அது தவறு. எழும்பும் ஆவி தட்டில் பட்டுத் தண்ணீராகி எண்ணெயிலேயே சொட்டும், எண்ணெய் இன்னும் தெறிக்கும். கம்பிவலை மூடியானால் ஆவி போகும், தெறிப்பும் தடைபடும்.

சோதனைச் சீடை வெடித்துவிட்டால் மீதி மாவை என்ன செய்வது? உருட்டி வைத்ததை எல்லாம் துணிந்து போடுவதுதான் வீடுகளில் நடக்கும் விபரீதம். அடுப்பை அணைத்துவிட்டு, உருண்டைகளை உடைத்து உதிர்த்து, விரலில் நெருடும் கட்டிகளை நசுக்கி, ஊறவைத்து ஈரம் துடைத்த கடலைப்பருப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து மெல்லிய தட்டைகளாகத் தட்டிக் குத்திவிடலாம். கனம் குறைந்த தட்டையில் ஆவி எளிதாக வெளியேறிவிடும். கடலைப்பருப்பை மட்டும் ஈரத்தோடு சேர்க்கக் கூடாது, அது தனியாகத் தெறிக்கும்.

இனி முறுக்கு. இழையை எண்ணெயில் பிழிந்தவுடன் அதைச் சுற்றிச் சலசலவென்று நுரை பொங்கும். பார்ப்பதற்கு எண்ணெய் கொதிப்பது போலத் தெரியும். உண்மையில் அவை மாவிலிருந்து வெளியேறும் நீராவிக் குமிழிகள். ஆவி உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெயால் அவ்வளவாக உள்ளே நுழைய முடியாது. அப்படியானால் முறுக்கு எண்ணெயைக் குடிப்பது எப்போது?

பெரும்பகுதி வாணலியை விட்டு எடுத்த பிறகுதான். உருளைக்கிழங்கு வறுவலை வைத்து இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். பொரித்து முடிக்கும் தறுவாயில் எண்ணெயில் சாயத்தைக் கலந்து பார்த்தபோது, அந்தக் கடைசி நேரத்துச் சாயமே வறுவலின் உள்ளே கணிசமாகப் போயிருந்தது. காரணம் எளிது. வெளியே எடுத்ததும் பட்சணம் ஆறத் தொடங்கும். துளைகளுக்குள் நின்ற ஆவி குளிர்ந்து சுருங்கும். அங்கே வெற்றிடம் உண்டாகும். மேற்பரப்பில் ஒட்டியிருக்கிற எண்ணெயை அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

அதனால் எடுக்கும் விதம் மிக முக்கியம். ஜல்லிக்கரண்டியில் அள்ளிய முறுக்கை உடனே பாத்திரத்தில் கொட்டாமல், சூடான எண்ணெய்க்கு மேலேயே சில நொடிகள் பிடித்து, ஓரிரு முறை தட்டி வடிய விட வேண்டும். சூட்டில் எண்ணெய் நீர்த்திருப்பதால் அப்போதுதான் ஓடி வடியும். பிறகு வடிதட்டில் செங்குத்தாகச் சாய்த்து வைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் மேலுள்ளதிலிருந்து வடிகிற எண்ணெய் கீழுள்ளதற்குப் போகும், சூட்டில் எழும் ஆவியும் அங்கேயே அடைபடும். அச்சு மை உணவில் ஏறும் என்பதால் செய்தித்தாளில் உணவை வைக்க வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. பட்சணம் வடியவைக்கவும் அது வேண்டாம்.

எப்போது எடுப்பது என்பதற்குக் காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். தொடக்கத்தில் பெரிய குமிழிகள் இரைச்சலோடு வரும். பாதியில் குமிழி சிறுத்து நுரை குறையும். கடைசியில் சலசலப்பு ஏறக்குறைய அடங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வரும். அதுதான் எடுக்கும் நேரம். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றும். சூடு அதிகமான எண்ணெயில் முறுக்கு சீக்கிரமே சிவந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். உடைத்துப் பார்த்தால் இழையின் நடுவில் வெளுப்பாக, மெத்தென்று ஒரு கோடு தெரியும். அந்த முறுக்கு மறுநாளே நமத்துப்போகும்.

எண்ணெய் காயாமல் பிழிந்தால் வேறு கேடு. மேல்தோல் உருவாக நேரமாகும், இழை எண்ணெயில் நீண்ட நேரம் கிடந்து ஊறும். ஒரே ஈட்டில் நிறையப் பிழிந்தாலும் இதே கதிதான். குளிர்ந்த மாவு எண்ணெயின் சூட்டை இறக்கிவிடும். ஓர் ஈடு எடுத்ததும் எண்ணெய் மறுபடி காய்வதற்கு அரை நிமிடம் விட்டு அடுத்ததைப் பிழிவது நல்லது.

மாவின் பக்கத்தில் பார்க்க வேண்டியது வெண்ணெய். தேன்குழலுக்கு நான்கு தம்ளர் அரிசி மாவுக்கு ஒரு தம்ளர் உளுத்தம் மாவு என்பது பரவலான கணக்கு. தம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் போதும். வெண்ணெய் மாவுத் துகள்களைப் பூசி, அவை ஒன்றோடொன்று கெட்டியாக ஒட்டிக்கொள்ளாமல் செய்கிறது. கடித்தவுடன் நொறுங்குவது அதனால்தான். குறைந்தால் முறுக்கு கல்லாகும். கூடினால் ஒட்டவே மாட்டாது. பிழிந்த இழை எண்ணெயில் பிரிந்து பொங்கி, நுரையோடு நுரையாகக் கரையும். அப்படி ஆனால் மீதி மாவில் ஒரு பிடி அரிசி மாவு சேர்த்துப் பிசைந்தால் சரியாகிவிடும். மொரமொரப்புக்காகச் சிலர் போடும் சோடா உப்பு மாவில் துளைகளைப் பெருக்கும். எண்ணெய்க்கு அத்தனையும் வாசல்.

மாவை மொத்தமாகப் பிசைந்து வைப்பதும் பலர் செய்வது. பிசைந்த மாவு நேரமாக ஆகக் கடைசி ஈடுகள் சிவந்தும் எண்ணெய் குடித்தும் வரும். உலர் மாவையும் வெண்ணெயையும் முழுதாகக் கலந்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது தண்ணீர் விட்டுப் பிசைவதுதான் உத்தமம்.

தண்ணீரை வெளியேற்றும் இந்த வேலையை வெவ்வேறு ஊர்கள் வெவ்வேறு விதமாகச் செய்கின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கை இரண்டு முறை பொரிப்பார்கள். முதல் முறை பாதி வெந்ததும் எடுத்து ஆறவிடுவார்கள். ஆறும்போது நடுவிலிருக்கும் ஈரம் மெல்ல மேற்பரப்பை நோக்கி வரும். இரண்டாம் முறை எண்ணெயில் இட்டதும் அந்த ஈரம் விரைவாகப் போய்விடும். அதனால்தான் அந்த முறுக்கு கனமாக இருந்தும் உள்வரை மொறுமொறுவென்று உடைகிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் கோதுமை மாவை அவித்து, அரித்து, உளுத்தம் மாவோடு சேர்த்து முறுக்கு சுடுவார்கள். கோதுமை மாவை அவிக்காமல் பிசைந்தால் அதிலுள்ள பசையம் இழுபடும், பொரித்தால் கடினமாகிவிடும். ஆவியில் வேகும்போது அந்தப் பசையம் இறுகிச் செயலிழக்கிறது. அவித்த மா அரிசி மாவு போலவே நொறுங்குவது இதனால்தான்.

பொரித்து முடித்த பின்பும் தண்ணீர் விடுவதில்லை. வெதுவெதுப்பாக டப்பாவில் போட்டு மூடினால் ஆவி மூடியில் படிந்து மறுபடி முறுக்கின் மேலேயே இறங்கும். கை சுடாமல் இருந்தால் ஆறிவிட்டது என்று எண்ணக் கூடாது. உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் குளிர்ந்திருக்க வேண்டும். சில நாள் கழித்து நமத்துப்போன முறுக்கு கிடைத்தால் ஒன்றை உடைத்து நடுவைப் பார்க்கலாம். உள்ளே நன்றாக வெந்து, வெளிக்காற்றின் ஈரத்தால் மட்டும் நமத்திருந்தால், எண்ணெய் விடாமல் அடி கனமான வாணலியில் சிறு தீயில் சில நிமிடம் புரட்டி முழுக்க ஆறவிட்டால் கரகரப்பு திரும்பும். நடுவில் அந்த வெளுத்த மெத்தைக் கோடு தெரிந்தால் அது பொரிக்கும்போதே வேகாமல் விட்டது. அதற்கு வாணலிச் சூடு போதாது. எண்ணெயை மிதமாகக் காயவைத்து, மறுபடி போட்டு, சலசலப்பு அடங்கும்வரை விட்டு எடுக்க வேண்டும்.